டோபமின் ஏன் மூளைக்குள் போவதில்லை?

பார்க்கின்சன் நோய் வந்தவரின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடையின் அடிகள் சுருங்குகின்றன. குறைந்த பொருளை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று யாருக்கும் தோன்றும். டோபமின் கிடைக்காத பொருளும் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது ஊசிமருந்தாகவே இருக்கிறது. ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிப்போனவர்களுக்கு டிரிப்பில் கலந்து ஏற்றுவார்கள். அதே டிரிப்பை ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு ஏற்றினால் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், குமட்டிக்கொண்டு வரும். கை நடுக்கம் மட்டும் குறையாது.

ரத்தத்தில் டோபமின் நிறைய ஓடுகிறது. அதற்காக ஏங்கும் நரம்பணுக்கள் அந்த ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாத தந்துகிச் சுவர். அதைத்தான் டோபமினால் தாண்ட முடியவில்லை. அந்தச் சுவருக்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். மூளை நோய்களுக்கு மருந்து கண்டுபிடிப்பவர்களை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்ட வைத்திருப்பது அதுதான்.

இப்படி ஒன்று இருப்பதே சாயம் ஏற்றிய விலங்குகளிடமிருந்துதான் தெரியவந்தது. 1885இல் ஜெர்மனியின் பால் எர்லிக், சில சாயங்களை விலங்குகளின் ரத்தத்தில் செலுத்தினார். ஈரல், சிறுநீரகம், தசை என்று உடல் முழுக்க நிறம் ஏறியது; மூளையும் தண்டுவடமும் வெளுப்பாகவே இருந்தன. அந்தச் சாயம் மூளைத் திசுவில் ஒட்டாது போலிருக்கிறது என்று எர்லிக் முடிவு கட்டினார். அது தவறு என்று காட்டியவர் அவரிடம் பணியாற்றிய எட்வின் கோல்ட்மன். 1913இல் அவர் டிரைபான் நீலம் என்ற சாயத்தை ரத்தத்தில் விடாமல், மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் நேரடியாகச் செலுத்தினார். இம்முறை மூளை நீலமானது, உடலின் மற்ற பாகங்களில் நிறம் ஏறவில்லை. அப்படியானால் சாயம் மூளையில் நன்றாகவே ஒட்டுகிறது. ரத்தத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குத்தான் வழியில்லை.

வழியை அடைப்பது எது என்று கண்ணால் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. 1967இல் ஹார்வர்டில் ரீஸ், கர்னாவ்ஸ்கி என்ற இருவர், நுண்ணோக்கியில் கறுப்பாகத் தெரியக்கூடிய ஒரு புரதத்தை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். தந்துகியின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் அந்தக் கறுப்பு முட்டி நின்றுவிட்டது. உடலின் பெரும்பாலான பகுதிகளில் இந்தச் செல்களுக்கு நடுவே இடைவெளி உண்டு; ரத்தத்தில் கரைந்திருப்பவை அதன் வழியே திசுவுக்குள் கசியும். மூளையில் பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சவ்வுகளைப் புரத இழைகள் தைத்ததுபோல் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கசிவுக்கு இடமே இல்லை. உள்ளே போக விரும்பும் எதுவும் செல்லுக்குள் நுழைந்து, அதைக் கடந்து, மறுபக்கம் வெளியேற வேண்டும். இந்தச் சுவரை வெளிப்புறத்திலிருந்து பெரிசைட் என்ற செல்களும், நட்சத்திர வடிவிலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதங்களும் சுற்றிப் பிடித்திருக்கின்றன. சுவர் இறுக்கமாகவே இருக்க வேண்டும் என்று ஓயாமல் அதற்குச் செய்தி அனுப்புவது அவற்றின் வேலை.

மூளைக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதற்கு? நரம்பணுக்கள் பேசிக்கொள்வது உப்புகளாலும் மிகச் சிறிய அளவிலான வேதிப்பொருள்களாலும்தான். சாப்பிட்ட பின், உடற்பயிற்சிக்குப் பின் ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு ஏறி இறங்குகிறது. ஈரலும் தசையும் அதைத் தாங்கிக்கொள்ளும். நரம்பணுவைச் சுற்றியுள்ள திரவத்தில் அதே ஏற்ற இறக்கம் நடந்தால் தேவையில்லாத இடங்களில் மின்துடிப்பு கிளம்பும். குளூட்டமேட் இன்னும் ஆபத்தானது. உணவிலிருந்து ரத்தத்துக்கு வரும் சாதாரண அமினோ அமிலம் அது. மூளையிலோ ஒரு நரம்பணு அடுத்ததைத் தூண்டிவிடும் செய்தி. ரத்தத்தில் உள்ள அளவு அப்படியே உள்ளே வந்தால் நரம்பணுக்கள் அளவுமீறித் தூண்டப்பட்டு இறந்துபோகும். இறந்தவற்றுக்குப் பதில் புதியவை பெரும்பாலும் பிறப்பதில்லை. இந்தத் தடுப்பு மருந்துக்கு எதிராக உருவான ஒன்றல்ல. நாம் தினமும் சாப்பிடும் உணவிலிருந்து மூளையைக் காப்பதே அதன் அன்றாடப் பணி.

டோபமின் ஏன் நிற்கிறது என்பதற்கு அளவு காரணம் அல்ல. டோபமினின் மூலக்கூறு எடை 153. மூளைக்குள் எளிதாகப் போய்ச் சேரும் லெவோடோபாவின் எடை 197. பெரியது போகிறது, சிறியது நிற்கிறது. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளுக்குச் செல்லின் சவ்வில் கரைந்து மறுபக்கம் போய்விடும் வசதி உண்டு. சாராயமும் மயக்க மருந்தும் அப்படித்தான் போகின்றன. டோபமின் நீரில் கரையும் பொருள். ரத்தத்தில் அது மின்னூட்டத்தோடு திரிவதால் கொழுப்புச் சவ்வுக்குள் இறங்காது. நீரில் கரைபவற்றில் குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் போன்ற மூளைக்கு வேண்டியவற்றை மட்டும் பிடித்து உள்ளே கொண்டுபோக, சுவரில் தனித்தனி கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. டோபமினுக்கென்று அப்படி ஒரு கடத்தி இல்லை. தப்பித்தவறி அந்தச் செல்லுக்குள் நுழைந்துவிட்டாலும் அங்கேயே காத்திருக்கும் நொதிகள் அதைச் சிதைத்துவிடும்.

1950களின் இறுதியில் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் இந்த இடத்தில் வேறு வழி எடுத்தார். ரெசர்பின் என்ற மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, உடல் எதிலிருந்து டோபமினைத் தயாரிக்கிறதோ அந்த முன்பொருளான டோபாவைக் கொடுத்தார். முயல்கள் எழுந்து நடமாடின. டோபா ஓர் அமினோ அமிலம். உணவுப் புரதத்திலிருந்து வரும் லூசின், ஃபினைல்அலனின் போன்ற பெரிய அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றும் எல்ஏடி1 என்ற கடத்திக்கு அது தன் வழக்கமான சரக்கைப் போலவே தெரிகிறது. உள்ளே போனபின் நரம்பணுக்களில் உள்ள ஒரு நொதி அதை டோபமினாக மாற்றிவிடும். 1961இல் வியன்னாவில் பிர்க்மாயரும் ஹார்னிகீவிச்சும் இதே பொருளை நோயாளிகளின் நரம்பில் செலுத்தினார்கள். எழுந்து உட்கார முடியாமல் கிடந்த சிலர் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரத்தில் பழைய நிலை திரும்பிவிட்டது என்றாலும், வழி இருக்கிறது என்பது உறுதியானது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் அறிவியல் இதழில் வெளியிட்டவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் ராமசுவாமியும். மூளையில் டோபமினுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அவர்கள் குடுவையில் பிரித்த அந்தப் பொருள் பின்னால் உலகெங்கும் பார்க்கின்சனுக்கு முதன்மை மருந்தாகப் போகிறது என்று எண்ணியிருக்க வாய்ப்பே இல்லை.

கண்டுபிடித்தாயிற்று; ஆனால் நோயாளிகளுக்குத் தொடர்ந்து கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. லெவோடோபாவை டோபமினாக மாற்றும் நொதி மூளையில் மட்டும் இல்லை. குடலிலும் ஈரலிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி வழியிலேயே டோபமினாகிவிடும். டோபமின் ஆனதும் மூளைக் கதவு அதற்கு மூடிவிடும். விழுங்கியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் மூளையை எட்டியது. 1967இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியஸ், மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றி, நாளொன்றுக்குப் பல கிராம் வரை கொண்டுபோய்ப் பலன் கண்டார். அளவைப் பொறுமையாக ஏற்றியதுதான் அவருடைய வெற்றி. ஆனாலும் நோயாளிகள் வாந்தியால் அவதிப்பட்டார்கள்.

வாந்திக்கான காரணமும் இந்தத் தடுப்போடு சம்பந்தப்பட்டதுதான். மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் ஒரு சிறு இடம் இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று கண்காணிப்பது அதன் பொறுப்பு. அடைத்த சுவருக்குப் பின்னால் இருந்தால் அதனால் ரத்தத்தைச் சோதிக்க முடியாது. ஆகையால் அந்த இடத்தில் தந்துகிகள் கசிவு உள்ளவை. ரத்தத்தில் மிதந்த உபரி டோபமின், வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல், வேண்டாத இந்த இடத்தைத் தொட்டுவிட்டது.

1970களில் வந்த தீர்வை மருந்தியலின் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். கார்பிடோபா என்ற பொருள் அந்த மாற்றும் நொதியை முடக்கிவிடும். முடக்கினால் மூளைக்குள்ளும் டோபமின் உருவாகாதே என்ற கேள்வி வரும். கார்பிடோபாவால் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட முடியாது! எனவே அது சுவருக்கு வெளியே உள்ள நொதியை மட்டும் கட்டிப்போடுகிறது. லெவோடோபா மாறாமல் சுவர் வரை வந்து, உள்ளே போய், அங்கே சுதந்திரமாக இருக்கும் நொதியால் டோபமின் ஆகிறது. தேவைப்படும் லெவோடோபாவின் அளவு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது, வாந்தியும் தணிந்தது. இன்று நோயாளிகள் கையில் இருக்கும் மாத்திரை அட்டையில் 100/25 என்று போட்டிருந்தால், 100 மில்லிகிராம் லெவோடோபாவோடு 25 மில்லிகிராம் கார்பிடோபா என்று பொருள். பல ஆய்வகங்களுக்கு எதிரியாக இருந்த தடுப்பை இந்த மாத்திரை தன் கூட்டாளியாக்கிக்கொண்டது.

ஆனாலும் கடத்தியின் வழியே போகும் மருந்துக்குக் கடத்தியின் வரம்புகளும் உண்டு. எல்ஏடி1 கடத்தியை ஷேர் ஆட்டோவாக நினைத்துக்கொள்ளலாம். இருக்கைகள் எண்ணி வைத்தவை; லெவோடோபாவோடு லூசினும் ஃபினைல்அலனினும் நிறைய நின்றால், யார் கூட்டமாக இருக்கிறார்களோ அவர்களே அதிகம் ஏறுவார்கள். நோய் முற்றிய பல நோயாளிகளுக்கு ஒரு புதிர் இருந்தது. ஒரே மாத்திரை, ஒரே அளவு; காலையில் கைகால் நன்றாக அசையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் உடல் உறைந்ததுபோல் ஆகிவிடும். ஆன், ஆஃப் என்றே இந்த நிலைகளைச் சொல்கிறார்கள்.

1984இல் அமெரிக்காவின் ஒரேகானில் ஜான் நட்டும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்த விதம் எளியது, ஆனால் மிகத் தெளிவானது. இத்தகைய நோயாளிகளுக்கு அவர்கள் லெவோடோபாவை மாத்திரையாகக் கொடுக்காமல் நரம்பு வழியாக ஒரே சீராகச் செலுத்தினார்கள். வயிறும் குடலும் கணக்கிலிருந்து விலகிவிட்டன. ரத்தத்தில் மருந்தின் அளவு நிலையாக நின்றது, நோயாளிகளும் நல்ல நிலையில் இருந்தார்கள். அப்போது புரதம் மிகுந்த உணவைக் கொடுத்தார்கள். ரத்தத்தில் லெவோடோபா குறையவில்லை. ஆனால் நோயாளிகளின் உடல் மீண்டும் விறைத்தது. அடுத்து அமினோ அமிலங்களைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். லூசின், ஐசோலூசின், ஃபினைல்அலனின் ஆகியவை கொடுத்தபோது மருந்தின் பலன் போனது. வேறு கடத்திகளில் பயணிக்கும் கிளைசினும் லைசினும் அதே அளவில் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ரத்தத்தில் மருந்து இருக்கிறது, மூளையில் இல்லை. தகராறு நடப்பது எல்ஏடி1 நிற்கும் வாசலில்தான் என்று அதோடு விளங்கிவிட்டது.

நம் வீட்டில் இதன் பொருள் நேரடியானது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், தயிர் எல்லாம் புரதம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகவோ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகோ போடச் சொல்வது இந்தக் காரணத்தால்தான். ஆன், ஆஃப் தொல்லை அதிகம் உள்ளவர்களுக்குப் புரதத்தின் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைக்கச் சில மருத்துவர்கள் சொல்வார்கள். புரதத்தையே நிறுத்துவது தவறு. இந்த நோயில் ஏற்கெனவே எடை குறையும். நிறுத்தினால் தசை இன்னும் கரைந்துவிடும்.

லெவோடோபா போன்ற அதிர்ஷ்டம் மற்ற மருந்துகளுக்கு ஏன் வாய்க்கவில்லை? ஏதோ ஒரு கடத்தியின் வழக்கமான சரக்கைப் போலத் தோற்றம் கொண்ட மருந்துகள் மிகச் சிலவே. கொழுப்பில் கரையச் செய்தால் போதும் என்று வேதியியலாளர்கள் முயன்றால் அங்கே வேறு தொல்லை காத்திருக்கிறது. சுவரின் ரத்தப்பக்கச் சவ்வில் பி-கிளைகோபுரதம் என்ற இறைப்பி இருக்கிறது. உள்ளே கரைந்து நுழைந்த அந்நியப் பொருளைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே அது தள்ளிவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான மருந்துகளை அது அடையாளம் காண்கிறது.

அதன் பலம் நெதர்லாந்தில் எதிர்பாராமல் தெரியவந்தது. ஆல்ஃபிரட் ஷிங்கெலின் குழு, பி-கிளைகோபுரதத்துக்கான மரபணு ஒன்றை நீக்கிய எலிகளை வளர்த்துவந்தது. பார்வைக்கு அவை மற்ற எலிகளைப் போலவே ஆரோக்கியமாக இருந்தன. உண்ணியை ஒழிக்க எலிக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐவர்மெக்டினைத் தெளித்ததும் இந்த எலிகள் செத்து விழுந்தன. 1994இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இறைப்பி இல்லாத எலிகளின் மூளையில் ஐவர்மெக்டின் சாதாரண எலிகளில் இருப்பதைவிட 80 மடங்குக்கும் மேல் சேர்ந்திருந்தது. மற்ற எலிகளுக்கும் அதே மருந்து ரத்தத்தில் ஏறியிருக்கிறது. அவற்றின் சுவர் அதை விடாமல் இறைத்து வெளியே தள்ளியிருக்கிறது.

வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைட், மார்ஃபின் வகையைச் சேர்ந்த மருந்து என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். உரிய அளவில் அது போதை தராததற்குக் காரணம் இந்த இறைப்பிதான். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வாந்தி மாத்திரை தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்கு வருகிறது. டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட் இரண்டுமே டோபமினின் ஏற்பிகளை அடைத்து வாந்தியை நிறுத்துபவை. டோம்பெரிடோனை இறைப்பி வெளியே தள்ளுவதால், மூளைக்குள் பெரிதாக நுழையாமல் கசிவுள்ள அந்த வாந்தி மையத்தில் அது வேலை செய்கிறது. மெட்டோகுளோபிரமைட் மூளைக்குள் நுழைந்து, அங்கே மிச்சமிருக்கும் கொஞ்ச டோபமினின் வேலையையும் தடுத்துவிடும். நடுக்கமும் விறைப்பும் கூடும். இரண்டும் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை என்பதால் இது தெரியாமலேயே நடக்கிற தவறு. டோம்பெரிடோனும் சிலருக்கு இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம். ஆகவே அதையும் மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது.

புரத மருந்துகளின் நிலை இன்னும் கடினம். எதிர்ப்புரதம் ஒன்றின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000. ரத்தத்தில் இருக்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கைப்போலத்தான் அது மூளையை எட்டும். ஹண்டர் நோய்க்குறி என்ற பரம்பரை நோயில் ஒரு நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த நொதியை நரம்பு வழியாக ஏற்ற முடியும். ஈரலும் மண்ணீரலும் தேறும். மூளைக்கு மட்டும் மருந்து போகாததால் கடுமையான வகை நோயில் குழந்தையின் அறிவு வளர்ச்சி பின்னோக்கிப் போகும். ஜப்பானில் ஒரு நிறுவனம், இரும்பைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தை உள்ளே இழுக்கும் ஏற்பியைக் குறிவைத்தது. அந்த ஏற்பியில் ஒட்டக்கூடிய எதிர்ப்புரதத்தோடு நொதியைச் சேர்த்துக் கட்டினார்கள். செல் அதை விழுங்கி மறுபக்கம் கொண்டுசேர்க்கிறது. 2021இல் ஜப்பான் அரசு அதற்கு அனுமதி தந்தது. லெவோடோபாவுக்கு இயற்கை கொடுத்திருந்த வசதியை இங்கே மனிதர்கள் கையால் பொருத்தியிருக்கிறார்கள்.

சுவரையே சிறிது நேரம் திறக்கும் முயற்சியும் நடக்கிறது. ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி, மூளையின் ஓர் இடத்தில் மீயொலியைக் குவித்தால், குமிழிகள் அதிர்ந்து செல்களின் இணைப்பைத் தளர்த்தும். 2015இல் கனடாவின் டொரன்டோவில் மூளைக்கட்டி உள்ள ஒருவருக்கு இதைச் செய்தார்கள். ஒரு நாளைக்குள் இணைப்புகள் மறுபடி இறுகிவிடும் என்பது இதன் பாதுகாப்பு. ஒரு நேரத்தில் சிறிய பகுதியை மட்டுமே திறக்க முடியும் என்பதும், ஒவ்வொரு முறையும் ஸ்கேன் கருவிக்குள் செய்ய வேண்டும் என்பதும் இதன் வரம்பு. திறந்த வழியே மருந்து மட்டும் போகும், வேண்டாத எதுவும் போகாது என்றும் யாராலும் உறுதி சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், சுவரை உடைப்பதைவிட அதன் விதிகளுக்கு இணங்கும் மருந்துகளைச் செய்வதிலேயே நம்பிக்கை அதிகம்.

வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் இரண்டு காரியங்களை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், உடல் இளகிய நேரம், விறைத்த நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் நோட்டில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா, நேரத்தை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அதுவே உதவும். பலன் இல்லை என்று நினைத்து லெவோடோபாவைத் திடீரென நிறுத்தாதீர்கள், பூனைக்காலிப் பொடியை அதனோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள். பொடியில் எவ்வளவு டோபா இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும். மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உயிருக்கே ஆபத்தான விறைப்பும் வரலாம்.